தனிப் பயணிக்கான பாதுகாப்புக் குறிப்பைத் திருத்தி எழுதியபோது

தனியாக ஊர் ஊராகச் சுற்றிப் பழகிய என் தோழி ஒருவர், முதன்முறையாகத் தனித்துக் கிளம்புகிறவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பாதுகாப்புக் குறிப்பு ஒன்றைத் தொகுத்து வைத்திருந்தார். அக்கறையோடு எழுதப்பட்ட குறிப்புதான். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பயணம் போன ஒரு பெண், விடுதியின் நடைவழியில் ஒருவன் பின்தொடர்ந்து வந்து தன் அறைக்குள் நுழைய முயன்றதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. விடுதிப் பொறுப்பாளரிடம்கூட முறையிடவில்லை. பின்னர் என் தோழியிடம் அதைச் சொன்னபோது, "இரவில் வெளியே போகாதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், நான் போய்விட்டுத் திரும்பி வரும்போதுதான் இது நடந்தது, அதனால் யாரிடம் போய் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன்" என்றாராம். பயன்பட வேண்டிய நேரத்தில் அந்தக் குறிப்பு ஒருவரை வாய் திறக்க முடியாமல் செய்துவிட்டது. அதைத் திருத்தும் பொறுப்பை என் தோழி என்னிடம் தந்ததற்குக் காரணம் இதுதான்.

நான் முதலில் செய்தது, குறிப்பிலிருந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு பேரின் கண்களால் படித்ததுதான். ஒருவர் நாளை காலை கிளம்பப்போகிறவர்; இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதைச் செய்வது என்று அவருக்குத் தெரிய வேண்டும். மற்றவர் ஏற்கெனவே தீங்குக்கு ஆளானவர். அதே வாக்கியம் அவரிடம் "நீ இதைச் செய்யாமல் விட்டாய்" என்று சொல்லாமல் இருக்க வேண்டும். "விழிப்பாக இருங்கள்", "உங்கள் பாதுகாப்பு உங்கள் கையில்", "அந்நியரை நம்பாதீர்கள்" ஆகிய மூன்றும் இந்த இரண்டு வாசிப்புகளிலும் தேறவில்லை. கிளம்புகிறவருக்கு அவற்றில் செய்வதற்கு எதுவும் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கோ குற்றச்சாட்டு மட்டுமே இருந்தது. தனியாகப் போகிறவர் வழி கேட்பதும், வண்டி ஏறுவதும், அறை எடுப்பதும் அந்நியரிடம்தான் என்பதால் மூன்றாவதைக் கடைப்பிடிக்கவே முடியாது. மூன்றையும் எடுத்துவிட்டேன். கவனத்தை ஈர்க்கும் உடையைத் தவிர்க்கச் சொன்ன வரியும் போனது. குறிப்பிட்ட வழிபாட்டிடத்துக்குள் நுழையத் தலையையோ தோளையோ மூட வேண்டும் என்ற விதி இருந்தால், அது நுழைவு பற்றிய தகவல். அதன் இடம் அந்த ஊரைப் பற்றிய பக்கம். அதைப் பாதுகாப்பின் கீழ் எழுதினால், ஒருவன் செய்யும் குற்றத்துக்கு இன்னொருவரின் துணியைக் காரணமாக்கிவிடுகிறோம்.

என் தோழிக்கு இதில் ஒரு தயக்கம் இருந்தது. "ஆபத்து இருக்கிறது என்பதையே சொல்லாமல் விட்டுவிட்டால் அதுவும் துரோகம்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆபத்தைச் சொல்லத்தான் வேண்டும். யார் என்ன செய்கிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். "கவனக்குறைவாக இருந்தால் பையை இழப்பீர்கள்" என்று இருந்த இடத்தில், "சாலையோரம் நடப்பவர்களின் பையை இருசக்கர வண்டியில் வந்து பறிப்பவர்கள் உண்டு, பையைச் சாலைப் பக்கத் தோளில் தொங்கவிடாமல் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டுங்கள், இழுத்தால் விட்டுவிடுங்கள், வாரோடு சேர்ந்து விழுந்தால் காயம் படும்" என்று எழுதினோம். பறிப்பவர்தான் செயலைச் செய்பவர் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. அதே கவனம் ஊர் மக்களைப் பற்றி எழுதும்போதும் தேவைப்பட்டது. பழைய குறிப்பில் ஒரு வட்டாரத்து ஆண்களைப் பற்றிப் பொதுவாக ஒரு வரி இருந்தது. ஒரு சமூகத்தையே சுட்டும் அந்த வரியை எடுத்துவிட்டு, எந்த வகையான இடத்தில், எந்த நேரத்தில், என்ன மாதிரியான ஏமாற்று நடக்கிறது என்பதை மட்டும் வைத்தோம். பயணிக்கும் அதுதான் உதவும், ஏனென்றால் முகத்தையோ இனத்தையோ வைத்து ஆளை எடைபோடுகிறவர், நன்றாக உடுத்திச் சொந்த மொழியில் பேசி வரும் மோசடிக்காரரைக் கோட்டைவிடுவார்.

மிக அதிகமாக உழைக்க வேண்டியிருந்தது "இரவில் தனியாக வெளியே செல்லாதீர்கள்" என்ற வரியில்தான். விமானம் தாமதமாகும், தொடர்வண்டி நள்ளிரவில் வந்து சேரும், மருந்து வாங்கப் போக நேரும். தடை அங்கே எதற்கும் உதவாது. ஆகவே அந்த வரியை, இரவில் வந்து சேர நேர்ந்தால் என்ன செய்வது என்ற ஒரு முழுப் பகுதியாக மாற்றினேன். அதற்காக ஒரு நிலைமையை எடுத்துக்கொண்டு படிப்படியாக யோசித்தோம். இரவு 8 மணிக்கு இறங்க வேண்டிய விமானம் நள்ளிரவு 12.30க்கு இறங்குகிறது; கடைசிப் பேருந்து போய்விட்டது; கைபேசியில் மின்னேற்றம் குறைவு. இந்த நேரத்தில் அவர் எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவற்றை முந்தைய வாரமே, வெளிச்சத்தில் உட்கார்ந்து எடுத்துவைக்க முடியும் என்பது அப்போது தெரிந்தது.

அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே விடுதியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இரவு முழுவதும் வரவேற்பில் ஆள் இருப்பாரா, இல்லையென்றால் நள்ளிரவுக்குப் பின் வருகிறவர் எப்படி உள்ளே வருவது? பல சிறு விடுதிகளில் இரவில் ஆள் இருப்பதில்லை. கதவுக்கு எண்பூட்டு இருக்கும், அந்த எண்ணை வேறு ஏதோ ஒரு செய்தியில் அனுப்பியிருப்பார்கள். அந்தச் செய்தி வந்துவிட்டதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்து, எண்ணைத் தாளிலும் எழுதிக்கொள்ள வேண்டும். விடுதியின் முகவரியை அந்த ஊரின் எழுத்திலேயே எழுதியோ அச்செடுத்தோ வைத்திருந்தால் கைபேசி அணைந்தாலும் ஓட்டுநரிடம் காட்டலாம். வண்டிக்கான தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாதவருக்கு வேறு வழியையும் சொல்லாமல் விடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்: விடியும்வரை நிலையத்தின் காத்திருப்புக் கூடத்திலேயே இருந்துவிடுவது. சில நிலையங்களையும் சிறிய விமான நிலையங்களையும் இரவில் பூட்டிவிடுகிறார்கள் என்பதால், அது இரவில் திறந்திருக்குமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் இருந்தால் மட்டுமே பின்பற்றக்கூடிய அறிவுரை, பணம் இல்லாதவரைக் குற்றவாளியாக்கிவிடும்.

செயலி வழியே வண்டி அழைத்தால், ஏறுவதற்கு முன் வண்டி எண்ணையும் ஓட்டுநரின் படத்தையும் திரையில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். பிறகு, "யாரை ஏற்றிக்கொள்ள வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும், பெயரை அவர் சொல்லட்டும். பெயரை நாமே சொல்லி "நீங்கள் எனக்காகத்தானே வந்தீர்கள்?" என்று கேட்டால், எந்த ஓட்டுநரும் ஆம் என்று சொல்லிவிடலாம். எண் பொருந்தவில்லை என்றால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஏறாமல் ரத்து செய்துவிட்டு, வெளிச்சமும் ஆட்களும் உள்ள வாசலுக்குள் திரும்பிப் போய் வேறு வண்டி அழைக்கலாம்.

அறைக்குள் செய்ய வேண்டியவற்றில் விடுதியின் பொறுப்பு எது, பயணி செய்யக்கூடியது எது என்று பிரித்து எழுதியதை இந்தத் திருத்தத்தின் மிகப் பயனுள்ள மாற்றம் என்று நினைக்கிறேன். அறை எண்ணை மற்றவர் காதில் விழும்படி சொல்லாமல் இருப்பதும், வேலை செய்யும் பூட்டைத் தருவதும், தங்கியிருப்பவரின் அறையை வெளியாளுக்குச் சொல்லாமல் இருப்பதும் விடுதியின் வேலை. அது நடக்காதபோது என்ன சொல்லலாம் என்பதை வார்த்தையாகவே எழுதித் தந்தோம்: "என் அறை எண்ணைப் பலர் முன்னால் சொல்லிவிட்டீர்கள், எனக்கு வேறு அறை வேண்டும்." களைத்து வந்து நிற்கிறவருக்கு இந்த வாக்கியத்தைப் புதிதாக யோசிப்பது கடினம், எழுதி வைத்திருந்தால் வாசித்துவிடலாம். பயணி செய்யக்கூடியது, பையைப் பிரிப்பதற்கு முன் பூட்டை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒருமுறை சோதிப்பது. விடுதி ஊழியர் என்று சொல்லிக்கொண்டு யாராவது தட்டினால், கதவைத் திறக்காமல் வரவேற்பை அழைத்து அனுப்பினார்களா என்று கேட்பது. கதவடியில் செருகும் ரப்பர் ஆப்பைப் பழைய குறிப்பு தாராளமாகப் பரிந்துரைத்திருந்தது. அது உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்கு மட்டுமே பயன்படும்; வழுவழுப்பான தரையில் அழுத்தினால் சறுக்கும்; தீப்பிடித்தால் இருட்டில் கைக்குத் தட்டுப்பட்டு உடனே உருவ முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வரம்புகளைச் சொல்லாமல் பரிந்துரைத்தால், ஆப்பு சறுக்கிய இரவில் பழி மறுபடியும் பயணியின் மேல்தான் விழும்.

அடுத்து, "எங்கே இருக்கிறீர்கள் என்பதை யாரிடமாவது சொல்லி வையுங்கள்" என்ற வரி. கேட்க நல்ல யோசனையாகத் தோன்றினாலும் இதில் பாதி வேலைதான் இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தகவலைக் கேட்டு வைத்திருப்பவர் எப்போது கவலைப்பட வேண்டும், கவலைப்பட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பது இதில் இல்லை. ஒரு மலைப்பாதை நடையை எடுத்துக்கொண்டு இதை விரித்தோம். காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்குகிறவர் மாலை 4 மணிக்குத் திரும்பலாம் என்று கணக்கிடுகிறார். பாதை பெரும்பாலும் கணக்கைவிட அதிக நேரம் எடுக்கும் என்பதால், வீட்டில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பும் கெடுவை 6 மணி என்று வைக்கிறார். 6 மணிக்குச் செய்தி வராவிட்டால் வீட்டில் இருப்பவர் அவரை அழைப்பார், 6.30 வரை பதில் இல்லையென்றால் விடுதியை அழைத்து அறைக்குத் திரும்பிவிட்டாரா என்று கேட்பார். 7 மணிக்கும் தகவல் இல்லையென்றால் அந்த ஊர்க் காவல்துறையையோ மலை மீட்புக் குழுவையோ அழைப்பார். இவை எல்லாம் எந்த ஊர் நேரப்படி என்பதையும் எழுத வேண்டும். வேறு நாட்டில் இருக்கிறவருக்கு அங்கே நள்ளிரவாக இருக்கலாம், அப்படியானால் அந்த நேரத்தில் விழித்திருக்கக்கூடிய வேறொருவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இந்த இடத்தில் பலருக்கும் தெரியாத ஒரு விவரம் உண்டு. 112 போன்ற குறுகிய அவசர எண்களை வீட்டிலிருந்து அழைத்தால், அழைப்பு அழைப்பவர் இருக்கும் நாட்டின் அவசர சேவைக்குத்தான் போகும். பயணி இருக்கும் நாட்டுக்குப் போகாது. ஆகவே வீட்டில் இருப்பவரிடம், பயணி போகும் ஊரின் காவல் நிலையத்துடைய முழு எண், நாட்டுக் குறியீட்டோடு, முன்பே இருக்க வேண்டும். அதோடு விடுதியின் எண், நடக்கப்போகும் பாதையின் பெயர், அன்று அணிந்திருக்கும் மேலாடையின் நிறம், கடவுச்சீட்டின் படம் ஆகியவை ஒரே செய்தியில் இருந்தால், தேடுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடலாம். கைபேசியின் நேரலை இருப்பிடப் பகிர்வு உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. சிக்னலோ மின்னேற்றமோ போய்விட்டால் திரையில் நிற்பது கடைசியாகத் தெரிந்த இடம். புள்ளி நகர்கிறது என்பதற்காகக் கைபேசி அவரிடம்தான் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

பயணியும் வீட்டில் இருப்பவரும் செய்துகொள்ளும் இந்த ஒப்பந்தத்தில் இன்னொரு வரியையும் சேர்த்தோம், அது வீட்டில் இருப்பவருக்கானது: செய்தி அனுப்ப மறந்துவிட்டால், அதற்காகத் திட்டக்கூடாது. இது இங்கிதத்துக்காகச் சொன்னது மட்டுமன்று. ஒருமுறை கடுமையாகக் கேட்டுவிட்டால், அடுத்த பயணத்தில் கெடுவைச் சொல்வதையே பயணி நிறுத்திவிடுகிறார். பிறகு உண்மையாகவே வழி தவறிய நாளில் தேடத் தொடங்க ஒரு நேரமே இருக்காது. அதேபோல், கெடு தாண்டியும் தகவல் இல்லாததால் காவல்துறையை அழைத்து, அது வெறும் சிக்னல் கோளாறு என்று பின்னர் தெரியவந்தால், அழைத்தவரையும் யாரும் கடிந்துகொள்ளக் கூடாது.

"ஆபத்து வந்தால் கூச்சலிடுங்கள், எதிர்த்துப் போராடுங்கள்" என்ற வரிதான் எனக்கு மிகவும் வலித்தது. பெரும் அச்சத்தில் பலருடைய உடல் விறைத்துப்போய்விடும். குரல் எழாது, கை கால் அசையாது. அது அவர்கள் எடுக்கும் முடிவு அன்று, உடல் தானாகச் செய்வது. அப்படி உறைந்து நின்றவர் பிற்பாடு இந்த வரியைப் படித்தால், தான் போராடவில்லை என்பதையே தன்மீதான குற்றமாக எடுத்துக்கொள்வார். ஆகவே இப்படி மாற்றினேன்: "கத்த முடிந்தால் கத்துங்கள், ஓட முடிந்தால் ஆட்கள் இருக்கும் கடைக்குள்ளோ விடுதிக்குள்ளோ ஓடுங்கள். எதையும் செய்ய முடியாமல் உறைந்துபோனாலும், அப்போதைக்கு இணங்குவதுபோல் இருந்து தப்பினாலும், அது சம்மதம் ஆகாது." இதோடு முன்கூட்டியே செய்யக்கூடிய ஒன்றையும் சேர்த்தோம். பல கைபேசிகளில் பக்கப் பொத்தானைத் தொடர்ந்து 5 முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி அமைக்க முடியும். கிளம்பும் முன்பே அமைப்புகளுக்குள் போய் அது இயக்கத்தில் இருக்கிறதா, எத்தனை நொடி எண்ணிக்கைக்குப் பின் அழைக்கிறது, தவறி அழுத்தினால் எப்படி நிறுத்துவது என்று பார்த்து வைக்க வேண்டும்.

பழைய குறிப்பில் அறவே இல்லாதது, தீங்கு நடந்த பிறகு என்ன செய்வது என்ற பகுதி. தவிர்ப்பதை மட்டுமே பேசும் குறிப்பு, தவிர்க்க முடியாமல் போனவரை வாசலோடு விட்டுவிடுகிறது. இந்தப் பகுதியில் நேரக் கணக்கு முக்கியம் என்பதால் அதைத் தெளிவாக எழுதினோம். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 28 நாட்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும். கருத்தடைக்கான அவசர மாத்திரையை 5 நாட்கள் வரை எடுக்கலாம், ஆனால் நாள் போகப் போகப் பலன் குறையும். பானத்தில் ஏதோ கலக்கப்பட்டது என்ற சந்தேகம் இருந்தால் சிறுநீர் மாதிரியை முடிந்தவரை சீக்கிரம் கொடுக்க வேண்டும். சில மருந்துகள் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடுகின்றன. பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை என்றால், எதுவும் கலக்கப்படவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை.

தடயம் பற்றிய வரிதான் மறுபடியும் பழி புகக்கூடிய இடம். "குளிக்காதீர்கள், உடை மாற்றாதீர்கள்" என்று மட்டும் எழுதினால், குளித்துவிட்ட ஒருவர் இனி மருத்துவமனைக்குப் போய்ப் பயனில்லை என்று முடிவு செய்துவிடுவார். எனவே, "குளிப்பதற்கு முன் பரிசோதனைக்குப் போக முடிந்தால் தடயம் கூடுதலாகக் கிடைக்கலாம், குளித்துவிட்டிருந்தாலும் போங்கள், அப்போதும் எடுக்கக்கூடியவை இருக்கும், சிகிச்சையும் தேவை, அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கித் தடயம் கெடும்" என்று எழுதினோம்.

புகார் கொடுப்பதைப் பற்றி, "உடனே காவல்துறையிடம் போங்கள்" என்று கட்டளையிடவில்லை. சில நாடுகளில் புகார் இல்லாமலே சிகிச்சை கிடைக்கும். சில நாடுகளில் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். திருமணத்துக்கு வெளியிலான உறவைக் குற்றமாகக் கருதும் சட்டம் உள்ள நாடுகளில், புகார் கொடுத்தவர்மீதே வழக்கு திரும்பும் அபாயமும் இருக்கிறது. ஆகவே மருத்துவமனையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை எழுதிவைத்தோம்: "நான் சொல்வதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு உண்டா?" தூதரகத்தை அழைத்தால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். பொதுவாக உள்ளூர் வழக்கறிஞர், மருத்துவர் பட்டியலைத் தருவார்கள், குடும்பத்துக்குத் தகவல் சொல்ல உதவுவார்கள், தொலைந்த கடவுச்சீட்டுக்கு மாற்று ஆவணம் தருவார்கள். குற்றத்தை விசாரிக்கவோ நீதிமன்றத்தில் வாதாடவோ அவர்களால் முடியாது. புகார் கொடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்றும், அதற்கும் யாரிடமும் விளக்கம் தர வேண்டியதில்லை என்றும் ஒரு வரி சேர்த்தோம். என் தோழி அந்த வரியை மட்டும் தன் கையால் எழுதினார்.

எழுதி முடித்த பிறகு, இதுவரை தனியாகப் பயணம் போகாத இருவரிடம் குறிப்பைக் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், "நள்ளிரவு 1 மணிக்கு வந்து இறங்குகிறீர்கள், முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம். அவர்கள் தாளைப் புரட்டித் தேடிய இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டோம். ஒருவர் எண்பூட்டுச் செய்தியைப் பற்றிய வரியைக் கண்டுபிடிக்கவே இல்லை, அது ஒரு நீண்ட பத்தியின் நடுவில் புதைந்திருந்தது. அதைத் தனியே பிரித்து முன்னால் கொண்டுவந்தோம். மற்றவர், தீங்கு நடந்த பிறகு என்ன செய்வது என்பதைக் கண்டடைய, தவிர்க்கும் வழிகள் அத்தனையையும் கடந்து வர வேண்டியிருந்ததைச் சுட்டிக்காட்டினார். அந்த நிலையில் இருக்கிற ஒருவர், தான் செய்யாமல் விட்டவற்றின் வரிசையை முதலில் படித்துவிட்டுத்தான் உதவி எண்ணை அடைய வேண்டும் என்று வைப்பது சரியன்று என்று எங்களுக்கும் பட்டது. ஆகவே அந்தப் பகுதியைத் தனித் தாளாகப் பிரித்து, போகும் ஊரின் அவசர எண், அருகில் உள்ள மருத்துவமனை, தூதரக எண் ஆகியவற்றைப் பயணி தானே எழுதிக்கொள்ள மேலே இடம் விட்டு, அந்த எண்களைச் சரிபார்த்த நாளை எழுத அதன் பக்கத்தில் ஒரு கட்டமும் வைத்தோம்.